இறகைப் பிடுங்கும் கிளி, வாலாட்டி மூச்சுவிடும் கிளி

ஈப்போவில் யார் வீட்டுக் கிளிக்காவது நெஞ்சில் இறகு போய்த் தோல் தெரிந்தால் போதும், வைத்தியம் சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது. பக்கத்து வீட்டு மாமா, "உடம்பு சூடு, பார்லித் தண்ணி குடு" என்பார். பறவைக் கடைக்காரர் மஞ்சள் நிறத்தில் ஒரு பொடியை எடுத்து நீட்டி, தண்ணீரில் கலக்கச் சொல்வார். வீட்டில் இணையம் பார்க்கிற பிள்ளை, "அதுக்கு மனசு சரியில்லம்மா, தனியா இருக்குல்ல" என்று தீர்ப்பு எழுதிவிடும். மூன்றில் ஏதாவது ஒன்று சரியாக இருந்துவிடலாம், ஆனால் மூன்றுமே கிளியைப் பார்க்காமல் சொன்னவை. இறகு போனது எல்லார் கண்ணுக்கும் பட்டுவிடுகிறது. அதே கிளி ஒவ்வொரு மூச்சுக்கும் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் இந்தப் பதிவு. தொற்றா, சாப்பாடா, பழக்கமா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு, அவசரமும் வேறு. ஒன்று வீட்டு மனிதர்களையே படுக்கையில் தள்ளக்கூடியது.

காரணத்தைத் தப்பாகப் பெயரிட்டால் என்ன ஆகும் என்று பேராக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் மூளைக் காய்ச்சலில் விழுந்தார்கள். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவாகி, தடுப்பூசி போட்டார்கள், கொசுவுக்குப் புகை அடித்தார்கள். நோய் நிற்கவில்லை, தெற்கே நெகிரி செம்பிலானுக்கும் போனது. பன்றியிலிருந்து ஆளுக்குத் தொற்றிய நீப்பா என்ற புது வைரஸ் அது என்று தெரிய 1999 மார்ச் ஆனது. அதற்குள்ளும் அதன் பிறகுமாக நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்தப் பன்றிகளுக்கும் மூச்சுக் கோளாறும் உரத்த இருமலும் இருந்தன.

இனி கிளிக்கு வருவோம். ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். புந்தோங் பக்கம் என்றே இருக்கட்டும். இது ஒரே ஒரு வீட்டின் கதை இல்லை, இந்த ஊரில் கிளி வளர்க்கும் பல வீடுகளைச் சேர்த்து வரைந்த படம். ஏழு வயது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பெயர் ராஜா. கூண்டு சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில். தட்டில் சூரியகாந்தி விதை, அதாவது குவாச்சி. அதோடு தெருமுனைக் கச்சான் கடலை. புந்தோங்கில் இருந்துகொண்டு கடலை கொடுக்காமல் இருக்க முடியுமா? அஸ்ட்ரோவில் கடைசி நாடகம் முடிகிறவரை ஹாலில் விளக்கு எரியும். கடந்த சில மாதமாக ராஜா நெஞ்சு இறகைப் பிடுங்குகிறான். போன மாதத்திலிருந்து விசில் சத்தம் கரகரக்கிறது.

பறவை பார்க்கத் தெரிந்த ஒரு மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள். (நாய், பூனை மட்டும் பார்க்கிற கிளினிக்குகள்தான் அதிகம். போகுமுன் போனில் கேட்டுக்கொள்வது நல்லது.) அந்த டாக்டரம்மா உடனே கிளியைத் தொடவில்லை. கூண்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்து பார்க்கிறார்.

"என்ன டாக்டர், புடிச்சுப் பாக்கலியா?"

"இருங்கக்கா. புடிச்சா எல்லாக் கிளியும் மூச்சு வாங்கும். சும்மா இருக்கும்போது எப்படி வாங்குதுன்னு முதல்ல பாக்கணும்."

வீட்டில் செய்யக்கூடிய முதல் சோதனையும் இதுதான். நலமாக உள்ள கிளி அலகை மூடிக்கொண்டு, உடம்பு அசைவதே தெரியாமல் மூச்சு விடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அலகு திறந்திருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினாலோ, கழுத்தை நீட்டி நீட்டி இழுத்தாலோ அது நோய். கொஞ்சம் பறந்தோ சிறகடித்தோ களைத்த கிளி இரண்டு மூன்று நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேலும் வாங்கினால் நுரையீரல் பக்கம் ஏதோ இருக்கிறது. வாலாட்டமும் திறந்த அலகும் ஓய்விலேயே தெரிந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது.

பறவையின் மூச்சு நம் மூச்சுபோல் இல்லை. நமக்கு இருக்கும் உதரவிதானம் அதற்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்துதான் காற்றை இழுக்கிறது. உடம்புக்குள் ஒன்பது காற்றுப்பைகள். அவை காற்றை நுரையீரல் வழியாக ஒரே திசையில் தள்ளுகின்றன, அதனால் மூச்சை விடும்போதுகூட அதற்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. திறமான ஏற்பாடுதான். ஆனால் காற்றில் கலந்த எந்த விஷமும் அதே திறமையோடு உள்ளே போகும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கானரிக் குருவியைக் கூண்டில் கொண்டுபோனது இதற்காகத்தான். நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. கிளியைப் பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தவே கூடாது. கழுத்தையும் காலையும் பிடித்து நெஞ்சை விட்டுவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் குரல்வளையைத் தொடாமலேயே மூச்சு நின்றுவிடும். இரண்டாவது, ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டியை அடுப்பில் காயவிட்டு மறந்துவிட்டால், பூச்சு 280 பாகையைத் தாண்டும்போது கிளம்பும் ஆவியில் கிளி சில நிமிடங்களில் சாகும். ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது. சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, வருடாவருடம் வந்து போகும் புகைமூட்டம் எல்லாம் அந்த அளவுக்குக் கொடியவை இல்லை, ஆனால் ஏற்கெனவே நோயுற்ற காற்றுப்பையை அவை விட்டுவைக்காது.

இனி இறகு. டாக்டர் ராஜாவைத் துண்டில் சுற்றி எடுத்ததும் முதலில் பார்த்தது நெஞ்சை அல்ல, தலையை.

கிளியின் அலகு அதன் தலைக்கு எட்டாது. நெஞ்சு, தொடை, சிறகின் உள்பக்கம் எல்லாம் சொட்டையாகி, தலை மட்டும் முழு இறகோடு பளபளவென்று இருந்தால், பிடுங்கியது அதுவேதான். தலையிலும் இறகு போயிருந்தால் வேறு யாரோ பிடுங்குகிறார்கள், கூட இருக்கும் ஜோடியாக இருக்கலாம். இல்லையென்றால் பிடுங்கவே இல்லை, இறகு தானாக விழுகிறது. அந்தக் கடைசி வாய்ப்புதான் பயப்பட வேண்டியது. இந்த ஒரு பார்வையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பலர் டாக்டரிடம் கூட்டிப்போகும் முன் ஏனோ இதைச் செய்வதே இல்லை.

அடுத்து கூண்டின் அடியில் கிடக்கும் இறகைப் பொறுக்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வழக்கமான உதிர்வில் விழுந்த இறகின் அடித்தண்டு சுத்தமாக, கூம்பி, வெளிறி இருக்கும். இடதும் வலதும் ஒரே மாதிரி விழும், விழுந்த இடத்தில் உறைக்குள் சுருண்ட முள் இறகு முளைத்திருக்கும். கிளி மென்றது என்றால் தண்டு பாதியில் நசுங்கி, நுனி பிய்ந்திருக்கும். தண்டின் அடி இடுப்பில் கயிறு கட்டியதுபோல் ஒடுங்கி, உள்ளே காய்ந்த இரத்தம் தெரிந்து, உறை கழலாமல் ஒட்டியிருந்தால் அது அலகு-இறகு நோயாக இருக்கலாம். 1970களில் ஆஸ்திரேலியக் கக்கட்டூக்களில் கண்டுபிடித்து எழுதினார்கள். காரணம் மிகச் சின்னதொரு சர்க்கோ வைரஸ். இறகு முளைக்கும் குழியையும் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே தாக்கும். பெரும்பாலும் மூன்று வயதுக்குட்பட்ட கிளிகளில் வெளிப்படும். மருந்து கிடையாது. உதிர்ந்த இறகுத் தூளிலும் எச்சத்திலும் வைரஸ் மாதக்கணக்கில் தங்கும்.

கக்கட்டூ, சாம்பல் கிளி இரண்டுக்கும் இன்னொரு எளிய அடையாளம் உண்டு. இவற்றைத் தடவினால் கையில் வெள்ளை மாவு ஒட்டும், கறுத்த அலகும் அந்த மாவு படிந்து சாம்பலாகத் தெரியும். மாவு ஒட்டாமல் அலகு கன்னங்கரேலென்று மின்னினால் அழகாகிவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது. மாவு தரும் இறகுகள் செத்துவிட்டன என்று பொருள்.

ராஜாவின் தலை முழுதாக இருந்தது. கையில் மாவு ஒட்டியது. அடித்தட்டு இறகுகள் மென்று பிய்ந்திருந்தன. அவனே பிடுங்குகிறான் என்பது உறுதியாகிவிட்டது. இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். "தானே பிடுங்குகிறது, அப்படியானால் மனசுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். பிடுங்குவது கிளியின் செயல்தான், அதற்குக் காரணமும் கிளியின் மனசு என்று யார் சொன்னது? அரிக்கிற இடத்தை நாமும்தான் சொறிகிறோம். 2008-இல் அமெரிக்க நோய்க்கூறு மருத்துவர்கள் இறகு பிடுங்கும் நானூறுக்கும் மேற்பட்ட கிளிகளின் தோலை, பிடுங்கிய இடத்திலும் பிடுங்காத இடத்திலும் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதிக் கிளிகளுக்குத் தோலில் அழற்சி இருந்தது, அதாவது அலகு எட்டாத இடத்திலும் தோல் புண்ணாகியிருந்தது. மீதிப் பாதிக்குப் பிடுங்கிய காயம் தவிர வேறொன்றும் இல்லை. கக்கட்டூவும் சாம்பல் கிளியும் இரண்டாவது கூட்டத்தில் அதிகம், மக்காவும் அமேசான் கிளியும் முதல் கூட்டத்தில் அதிகம். ஆக, கண்ணை மூடிக்கொண்டு மனசு என்று சொன்னால் இரண்டில் ஒரு தடவை தப்பாகும்.

அதனால் வரிசை ஒன்று உண்டு. தொற்றை முதலில் விலக்க வேண்டும், பிறகு சாப்பாட்டைப் பார்க்க வேண்டும், பழக்கம் என்ற பெயரைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். தொற்று அடிக்கடி வருகிறது என்பதற்காக அதை முதலில் வைக்கவில்லை. அது காத்திருக்காது, வீட்டைத் தாண்டியும் போகும் என்பதால் முதலில் வைக்கிறோம்.

மூச்சோடு சம்பந்தப்பட்ட தொற்றில் டாக்டர் முதலில் சந்தேகப்படுவது கிளமிடியா சிட்டாசி என்ற பாக்டீரியா. கிளிக் காய்ச்சல் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். கண்ணும் மூக்கும் கசியும், கிளி பந்துபோல் உப்பி உட்காரும், எச்சத்தின் வெள்ளைப் பகுதி எலுமிச்சைப் பச்சையாக மாறும். ஒன்றுமே தெரியாமல் கிருமியை மட்டும் பரப்பும் கிளியும் உண்டு. காய்ந்த எச்சத்தூளை மூச்சில் இழுக்கும் மனிதருக்குக் காய்ச்சல், கடுந்தலைவலி, வறட்டு இருமல், பிறகு நிமோனியா. 1929 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவின் அன்னாபொலிஸில் ஒருவர் மனைவிக்குக் கிளி வாங்கித் தந்தார். கிளி செத்தது, வீட்டில் மூன்று பேர் விழுந்தார்கள். அப்போது உலகின் பல நாடுகளில் இதே கதை நடந்துகொண்டிருந்தது. தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகள்தான் காரணம். ஆராய்ந்த விஞ்ஞானிகளில் ஒருவரே இறந்தார். 1930 ஜனவரி 24 அன்று அதிபர் ஹூவர் கிளி இறக்குமதியையே நிறுத்தினார். அன்றைக்கு மருந்தில்லை, இன்றைக்கு டாக்ஸிசைக்ளின் இருக்கிறது. ஆனாலும் பழைய கதை இல்லை: 2023, 2024-இல் ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் இந்நோய் கூடிற்று, உயிர்ச்சேதமும் இருந்தது.

கிளிக்கு டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 45 நாள் கொடுக்கிறார்கள். பத்து நாளில் கிளி துள்ளி விளையாடினாலும் நிறுத்தக் கூடாது. இன்னொன்றைச் சொல்லாமல் விடுகிற கடைகள் உண்டு. அந்த நாட்களில் கூண்டிலிருந்து கணவாய் ஓட்டையும் தாதுக்கட்டியையும் எடுத்துவிட வேண்டும். சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்புக்குள் போக விடாது. கடையில் விற்கும் மஞ்சள் பொடியும் பெரும்பாலும் இதே குடும்பத்து மருந்துதான். நிறம் மாறிய தண்ணீரைக் கிளி குடிக்காமல் விடும், அளவு போதாது, நோய் பாதியாக அடங்கும், அப்புறம் பரிசோதனையில் கிருமியும் சிக்காது. அரைகுறையாக அந்தப் பொடி கொடுப்பதைவிட ஒன்றும் கொடுக்காமல் கிளினிக்குக்குப் போவது மேல்.

கிளமிடியாவுக்குக் கண், அண்ணத் துளை, மலவாய் மூன்றிலும் துடைத்தெடுத்து பி.சி.ஆர். பார்க்கிறார்கள். கிருமி விட்டுவிட்டு வெளிவரும் என்பதால் ஒரு தடவை இல்லை என்று வந்தால் இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அலகு-இறகு வைரஸுக்கு இரத்தமும் இறகும். அதில் கிருமி இருக்கிறது என்று வந்து கிளிக்கு ஒரு குறியும் இல்லாவிட்டால், 90 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், சில கிளிகள் வைரஸைத் தாமே உதறிவிடும். கால்நடைச் சேவை இலாகாவின் ஆராய்ச்சி நிலையமே ஈப்போவில்தான் இருக்கிறது. மாதிரியை எங்கே, எப்படி அனுப்புவது என்று உங்கள் கால்நடை மருத்துவரையே கேட்கலாம்.

ராஜாவுக்கு இரண்டு சோதனையும் இல்லை என்று வந்தது. பிறகு டாக்டர் அவன் வாயைத் திறந்து விளக்கடித்தார். நோய் அங்கே இருந்தது.

கிளியின் மேலண்ணத்தில் நீளமான ஒரு பிளவு உண்டு, மூக்கிலிருந்து வரும் காற்று அது வழியாகத்தான் இறங்கும். அதன் ஓரத்தில் சின்னச் சின்ன முட்கள் கூர்மையாக நிற்க வேண்டும். ராஜாவுக்கு அவை மழுங்கி, வழவழவென்று போயிருந்தன. நாக்குக்கு அடியில் வெள்ளையாக ஒரு பருக்கை. மூக்குத் துளையில் காய்ந்த அடைப்பு. எடை 378 கிராம். இரண்டு வருடத்துக்கு முன் வேறு எதற்கோ போனபோது சீட்டில் எழுதியது 430. சமையலறைத் தராசிலேயே வாரம் ஒருமுறை எடை போட்டிருந்தால் இதை அப்போதே பிடித்திருக்கலாம். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தாலே கிளிக்கு ஆபத்து, இறகு மூடிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது.

இதெல்லாம் வைட்டமின் ஏ பற்றாக்குறையின் முகங்கள். மூக்கு, தொண்டை, மூச்சுக் குழாய் எல்லாவற்றின் உள்பக்கமும் ஈரமான மெல்லிய தோல், அதில் தூசியை வெளியே தள்ளும் நுண்ணிய மயிர்கள். வைட்டமின் ஏ குறைந்தால் அந்த ஈரத்தோல் கொம்புபோல் கடினமாகும், மயிர்கள் போகும், உமிழ்நீர்ச் சுரப்பிகள் அடைத்து வெள்ளைக் கட்டியாகும். வெளித்தோலும் காய்ந்து செதிலாகி அரிக்கும். அரித்தால் கிளி பிடுங்கும். அதாவது மூச்சுக்கும் இறகுக்கும் ஒரே வேர். 100 கிராம் கேரட்டில் பீட்டா கரோட்டின் சுமார் 8 மில்லிகிராம். அதே அளவு சூரியகாந்தி விதையில் 0.03 மில்லிகிராம். அந்த விதையில் பாதி எண்ணெய், சுண்ணாம்போ மிகக் குறைவு. பத்து வகைத் தானியம் கலந்த பொட்டலம் வாங்கிக் கொடுத்தாலும் கிளி பொறுக்கித் தின்பது குவாச்சியைத்தான். மீதியை நாம் தினமும் குப்பையில் கொட்டிவிட்டு, "எல்லாம் போடுறோமே" என்று ஆச்சரியப்படுகிறோம்.

லவ் பேர்ட்ஸ் என்று நாம் கூப்பிடும் பட்ஜிகளுக்கு இதேபோல் அயோடின் கதை ஒன்று உண்டு. வெறும் தினை மட்டும் தின்றால் தைராய்டு வீங்கி மூச்சுக் குழாயை அமுக்கும், மூச்சுக்கு ஒரு கீச்சுச் சத்தம் வரும், தின்றதை எதுக்களிக்கும். மூச்சு நோய் என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். தேவைப்படுவதோ அயோடின்.

ராஜாவுக்கு எக்ஸ்ரேயில் காற்றுப்பை மங்கலாகத் தெரிந்தது, வெள்ளணுக்கள் கூடியிருந்தன. கரகரத்த குரலையும் சேர்த்துப் பார்த்து டாக்டர் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையைச் சந்தேகித்தார். உள்நோக்கிக் குழாயில் பார்த்தபோது உறுதியானது. இந்தப் பூஞ்சை கிளிக்குக் கிளி தொற்றுவதில்லை. காற்றில் எங்கும் உள்ளது, நல்ல மூச்சுக் குழாய் அதைத் தள்ளிவிடும். கொம்பான குழாய் தள்ளாது. சாம்பல் கிளிக்கும் அமேசானுக்கும் இது அதிகம் வரும். விதை மூட்டை எங்கே இருந்தது என்று டாக்டர் கேட்டார்.

"பின் குசினியில, ஜிங்க் சுவர் ஓரமா. மழையில கொஞ்சம் ஓதம் அடிக்கும்."

"கடலையோட தோலும் போடுவீங்களா?"

"அதுதான் அதுக்கு ரொம்பப் பிடிக்கும் டாக்டர்."

ஓதம் ஏறிய விதையும் கடலைத் தோலும் அஸ்பர்ஜில்லஸுக்கு மெத்தை போட்டுக் கொடுத்த மாதிரி. பேராக்கில் மழைக்குக் குறைவா? தைப்பிங்கைக் கேட்டால் சொல்லும். விதையைக் கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பது நல்ல பழக்கம். பழைய துணி வாடை அடித்தால் எறிந்துவிட வேண்டும். கடலை கொடுக்கத்தான் வேண்டுமென்றால் தோலுரித்து, ஆள் தின்பதற்கு விற்கும் உப்பில்லாத கடலையில் எப்போதாவது ஒன்றிரண்டு. கூண்டுத் தாளைத் தினமும் மாற்ற வேண்டும்.

பூஞ்சை மருந்து மாதக்கணக்கில் ஓடும், புகையாகவும் பிடிக்க வைப்பார்கள். இட்ராகொனசோல் என்ற மருந்தைச் சாம்பல் கிளியின் உடம்பு தாங்காது, இனம் தெரியாமல் கொடுத்தால் கிளி சாப்பாட்டை வெறுத்துச் செத்துப்போகலாம். இன்னொரு வீட்டு அமேசானுக்குக் கொடுத்ததை வாங்கிவந்து இங்கே கொடுப்பதில் இப்படி ஒரு குழி இருக்கிறது.

சாப்பாடு மாற்றுவதற்கு மருந்துக் கடையில் வைட்டமின் ஏ சொட்டு வாங்க வேண்டாம். கூடினால் அதுவும் விஷம், கரோட்டின் அப்படி விஷமாகாது, உடம்பு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளும். ஆவியில் வேகவைத்த கேரட், சர்க்கரைவள்ளி, பூசணி, பழுத்த பப்பாளி, சிவப்பு மிளகாய், முருங்கைக் கீரை எல்லாம் ஈப்போச் சந்தையில் தினமும் கிடைப்பவை. மிளகாயின் காரம் கிளிக்கு உறைக்காது. அவகாடோவும் சாக்லெட்டும் மட்டும் கூடவே கூடாது, கொல்லும்.

தோட்டப்புறத்துக்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். பால் மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட காலத்திலிருந்து, காட்டு நெடுவால் கிளிகள் கூட்டமாக வந்து செம்பனைப் பழத்தைக் கொறிப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆப்பிரிக்காவில் சாம்பல் கிளியும் காட்டில் செம்பனைப் பழம்தான் தின்கிறது. கரோட்டின் நிறைந்த, செக்கச்செவேலென்ற பழம். தோட்டத்தில் குலை குலையாக விளைகிறது, லைன் வீட்டுக் கூண்டில் தொங்கும் கிளிக்குக் குவாச்சி. (அந்த நெடுவால் கிளிக் குஞ்சைப் பொந்திலிருந்து எடுத்து வளர்க்க 2010 வனவிலங்குச் சட்டம் விடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாலில் நனைத்த ரொட்டி தின்று எலும்பு வளைந்த குஞ்சுகள் அங்கிருந்துதான் வருகின்றன.) மருந்தடித்த குலையைத் தவிர்த்து, பழம் ஒன்றைப் பிளந்து வாரம் இரண்டு தரம் கொடுக்கலாம், கொழுப்பு அதிகம் என்பதால் அதற்கு மேல் வேண்டாம்.

மாற்றம் ஒரே நாளில் கூடாது. பசி வந்தால் தானாகத் தின்னும் என்பது கிளியிடம் செல்லாது, தெரியாத உணவை உணவு என்றே நினைக்காமல் பட்டினி கிடக்கும். காலையில் பசியோடு இருக்கும்போது புதியதை முதலில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பழைய விதையை அளந்து வைத்து, வாராவாரம் விதையைக் குறைக்க வேண்டும். ஆறு வாரம்கூட ஆகலாம். தினமும் எடை பார்க்க வேண்டும். எச்சம் சுருங்கினால் கிளி தின்னவில்லை என்று அர்த்தம்.

இவ்வளவுக்கும் பிறகு மிச்சமிருந்தால்தான் பழக்கம் என்ற பேச்சு. மிச்சம் இருக்கத்தான் செய்யும். காட்டுக் கிளி நாளில் பல மணி நேரத்தை இரை தேடுவதிலேயே கழிக்கிறது. தட்டில் தீனி வைத்த கிளிக்குச் சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், பிறகு அந்த அலகுக்கு என்ன வேலை? கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மீஹனும் குழுவினரும் 2003-இல் எழுதிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இளம் அமேசான் கிளிகளில் ஒரு கூட்டத்தை வெறும் கூண்டிலும், இன்னொரு கூட்டத்தைத் தேடித் தின்னும் ஏற்பாடும் ஏறி விளையாடும் பொருள்களும் உள்ள கூண்டிலும் 48 வாரம் வைத்தார்கள். வெறும் கூண்டுக் கிளிகளின் இறகு கெட்டது. அவற்றுக்கும் அதே ஏற்பாட்டைக் கொடுத்தபோது இறகு தேறியது. தீனிக்காக உழைக்கவும் ஏறி விளையாடவும் வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஈப்போ வீட்டில் அதை இப்படிச் செய்யலாம். தீனியைத் தட்டில் கொட்டாமல் வாழைச் சருகிலோ மை இல்லாத தாளிலோ பொட்டலம் கட்டிக் கம்பியில் செருக வேண்டும். முருங்கைக் கொத்தைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடலாம். சோளக் கதிரை உரிக்காமல் கொடுக்கலாம். இரவு ஏழரைக்குக் கூண்டை ஹாலிலிருந்து இருட்டறைக்கு மாற்றிவிட்டால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். நாடகத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம். கூண்டு கதவுக்கு நேராக, போகிற வருகிற ஆள் எல்லாம் திடுமென்று தோன்றும் இடத்தில் இருந்தால் சுவரோரமாக மாற்ற வேண்டும். பிடுங்கும்போது ஓடிவந்து "டேய், விடுடா" என்று கத்துவது நமக்குத் திட்டு, கிளிக்கு அது கூட்டாளி கிடைத்த சந்தோஷம். அடுத்த தடவை கூப்பிடவே பிடுங்கும். கழுத்தில் வளையம் மாட்டுவது சதையைக் கடித்துப் புண்ணாக்கும் கிளிக்கு மட்டும், அதுவும் புண் ஆறும்வரை.

ராஜாவைப் போன்ற கிளி எப்படித் தேறும்? மூச்சு முதலில் தெளியும், சில வாரத்தில் வாலாட்டம் நிற்கும். குரல் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். நெஞ்சு இறகு அடுத்த உதிர்வுச் சுற்றில்தான் முளைக்கும், அதற்குப் பல மாதம். வருடக்கணக்கில் பிடுங்கிய குழி வடுவாகிவிட்டால் அந்த இடத்தில் இனி இறகே வராது. தொடையில் ஒரு ரிங்கிட் அளவுக்குச் சொட்டை மிஞ்சுவது சாதாரணம், அதை வைத்துக்கொண்டே கிளி நாற்பது வருடம் வாழும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், கிளிக்காக அல்ல, வீட்டில் உள்ளவர்களுக்காக. கூண்டைக் கழுவும்போது முகக்கவசம் போட்டு, காய்ந்த எச்சத்தை முதலில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டு வழித்தெடுங்கள். கிளி உப்பிக்கொண்டிருக்கும் நாட்களில் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் தலைவலியும் வறட்டு இருமலும் வந்தால், கிளினிக்கிலோ பொது மருத்துவமனையிலோ டாக்டர் கேட்காவிட்டாலும், வீட்டில் கிளி இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.